அந்த 50,000 எப்போது கைக்கு வரும்?

வேறு ஊரில் வேலைக்குச் சேருகிறவரின் குடிமாற்றச் செலவில் ஒரு பங்கைக் கம்பெனி ஏற்றுக்கொள்வதற்கு ஐ.டி. வட்டாரத்தில் 'ரீலொகேஷன்' என்று பெயர். தனியார் கம்பெனி இதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. கொடுக்கும் கம்பெனிகளும் ஒரே மாதிரி கொடுப்பதில்லை. சில இடங்களில் ஒரு தொகையை மொத்தமாகச் சம்பளத்தோடு போட்டுவிடுவார்கள். சில இடங்களில் இன்ன தொகை வரை என்று வரம்பு வைத்து, பில் கொடுத்தால் அந்த அளவுக்குத் திருப்பித் தருவார்கள். இன்னும் சில கம்பெனிகள் பணமே கொடுக்காமல், தாங்களே பாக்கர்ஸ் அண்ட் மூவர்ஸை அமர்த்திச் சாமான்களை ஏற்றி இறக்கிவிடும். இவற்றோடு சேர்த்தோ, தனியாகவோ, போய் இறங்கிய முதல் சில நாட்களுக்குக் கெஸ்ட் ஹவுஸிலோ சர்வீஸ் அபார்ட்மென்ட்டிலோ தங்க இடம் தருவதும் உண்டு. ஆஃபர் லெட்டரில் இவை எல்லாமே ஒரே வரியில் அடங்கிவிடும்: 'கம்பெனி விதிகளின்படி ரீலொகேஷன் உதவி உண்டு.' அந்த விதி என்ன என்பதை ரெக்ரூட்டரிடம் கேட்டு வாங்கும் வேலை, சேரப் போகிறவருடையது.

கேட்பதற்கு ஏற்ற நேரம் மிகக் குறுகியது. முதல் போன் அழைப்பிலேயே 'பெங்களூருக்கு வரத் தயாரா?' என்று ரெக்ரூட்டர் கேட்பார். அப்போது 'தயார்' என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்ளலாம். இன்டர்வியூ முடியும் முன்பே குடிமாற்றச் செலவைப் பேசினால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் அதிகாரம் எதிர்முனையில் யாருக்கும் இருக்காது. வரத் தயார் என்று சொல்லிவிட்டதால் பிறகு செலவைப் பற்றிக் கேட்கும் உரிமை போய்விட்டதாகப் பலர் தயங்குவது வீண். இன்டர்வியூ எல்லாம் முடிந்து, 'உங்களை எடுக்கிறோம், சம்பளம் இவ்வளவு' என்று வாய்மொழியாகச் சொன்னதற்கும், ஆஃபர் லெட்டரில் 'ஏற்கிறேன்' என்று பதில் போடுவதற்கும் இடையில் உள்ள சில நாட்கள்தான் சரியான நேரம். பழைய கம்பெனியில் ராஜினாமாக் கடிதம் கொடுத்த பிறகு கேட்டால், கேட்பவருக்குத் திரும்பிப் போக இடமில்லை என்பது ரெக்ரூட்டருக்கும் தெரியும்.

யாரிடம் கேட்பது என்பதையும் கவனிக்க வேண்டும். போன் செய்தவர் கம்பெனியின் சொந்த ரெக்ரூட்டரா, ஆள் பிடித்துத் தரும் கன்சல்டன்சிக்காரரா? கன்சல்டன்சிக்காரர் 'அதெல்லாம் கிடைக்கும் சார்' என்று சொல்வதில் எந்தப் பிடிமானமும் இல்லை. ஆள் சேர்ந்தால்தான் அவருக்குக் கமிஷன். அவர் வழியாகவே, கம்பெனி எச்.ஆரிடமிருந்து மெயிலில் பதில் வாங்கித் தரச் சொல்லலாம். கம்பெனியின் பேரோலில் இல்லாமல் வேறொரு நிறுவனத்தின் பேரோலில் சேர்க்கும் ஒப்பந்த வேலையாக இருந்தால், பெரும்பாலும் ரீலொகேஷன் இருக்காது. அதையும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

கேட்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் முதல் கேள்வி 'எவ்வளவு தருவீங்க?' என்பது. ரெக்ரூட்டரும் உடனே ஒரு தொகையைச் சொல்வார். அந்தத் தொகை காதில் விழுந்ததும் மனம் நிறைந்து பேச்சு முடிந்துவிடும். தொகையை மட்டும் தெரிந்துகொண்டால் எதுவும் தெரியாது என்பதை ஒரு கணக்குப் போட்டே பார்க்கலாம்.

கோயம்புத்தூரில் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு சாஃப்ட்வேர் டெஸ்டரை எடுத்துக்கொள்வோம். மனைவி, மூன்று வயதுக் குழந்தை. பெங்களூரில் ஆண்டுக்கு 18.5 லட்சம் சி.டி.சி.யில் வேலை, ரீலொகேஷன் 50,000 ரூபாய் வரை, பில் கொடுத்தால். பெல்லந்தூர் பக்கம் மாதம் 30,000 வாடகையில் ஒரு வீடு பார்க்கிறார். பெங்களூரில் வீட்டுக்காரர் கேட்கும் அட்வான்ஸ் பெரியது. ஒரு காலத்தில் பத்து மாத வாடகை என்பது சாதாரணம். இவருக்குப் பேரம் பேசி ஐந்து மாதத்தில் முடிகிறது என்றே வைப்போம்: 1,50,000. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, 30,000. சாமான் ஏற்ற லாரி 28,000. மூவரும் போக ரயில் டிக்கெட், டாக்ஸி 5,000. வீடு கிடைக்கும் வரை பதினைந்து நாள் நாளுக்கு 2,500 வீதம் தங்கினால் 37,500. கோவை வீட்டுக்காரருக்கு ஒரு மாதம் முன்பே சொல்லாததால் கூடுதலாக ஒரு மாத வாடகை, 14,000. பெங்களூர் வீட்டின் முதல் மாத வாடகை 30,000. எல்லாம் சேர்ந்து 2,94,500 ரூபாய், முதல் சம்பளம் வருவதற்கு முன்பே கையை விட்டுப் போகிறது. இதில் அட்வான்ஸ் என்றாவது திரும்பி வரும் (அங்கே காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைக் கழிப்பது வழக்கம்). மாத வாடகை எப்படியும் கொடுக்க வேண்டியது. இந்த இரண்டையும் நீக்கினால், குடிமாற்றத்துக்காகவே கரைந்துபோகும் பணம் 1,14,500.

கம்பெனி சொன்ன 50,000 இதில் ஏறக்குறைய பாதியை ஈடுகட்டும் என்று தோன்றும். ஆனால் எந்தெந்தச் செலவுக்கு என்பதை விதியில் பார்த்தால், 'சாமான் போக்குவரத்து, பயணச் செலவு' என்று மட்டும் இருக்கும். புரோக்கர் கமிஷன் சேராது. அட்வான்ஸ் சேராது. தங்கும் செலவு வேறு தலைப்பு. ஆக, லாரியும் டிக்கெட்டும் சேர்ந்த 33,000-க்குத்தான் பில் போட முடியும். மீதி 17,000 வரம்பாகவே நின்றுவிடும். அடுத்தது வரி. புதிதாகச் சேர்கிறவருக்குக் கொடுக்கும் ரீலொகேஷன் பணத்தைச் சம்பளத்தோடு சேர்த்து வரி பிடிக்கும் கம்பெனிகள் பல. வருமான வரியில் இடமாற்றச் செலவுக்கு ஒரு விலக்கு இருப்பது உண்மை. ஆனால் அது ஒரே கம்பெனிக்குள் ஊர் மாற்றப்படும் ஊழியரை மனதில் வைத்தது. வெளியிலிருந்து புதிதாக வருகிறவருக்கு அதைப் பொருத்தப் பல கணக்குப் பிரிவுகள் தயங்குகின்றன. புதிய வரி முறையில், 2025-26 நிதியாண்டில், 16 லட்சத்துக்கும் 20 லட்சத்துக்கும் இடைப்பட்ட வருமானத்துக்கு 20 சதவீதம் வரி, அதன் மேல் 4 சதவீத செஸ். இந்த அடுக்கில் இருக்கும் நம் டெஸ்டரின் 33,000-இல் 6,864 போய், கையில் நிற்பது 26,136.

50,000 என்று காதில் விழுந்தது 26,136 ஆக வந்து சேர்கிறது. இதில் யாரும் ஏமாற்றவில்லை. ஒவ்வொன்றும் விதிப்படி நடந்ததுதான். இதே 50,000-ஐ பில் கேட்காமல் மொத்தத் தொகையாகக் கொடுத்திருந்தால், வரி 10,400 போனாலும் 39,600 நின்றிருக்கும். புரோக்கருக்கும் அதிலிருந்தே கொடுத்திருக்கலாம். ஆகவே தொகையைக் கூட்டித் தரச் சொல்வதைவிட, கொடுக்கும் முறையை மாற்றித் தரச் சொல்வது பல நேரம் கேட்பவருக்கு லாபம். கம்பெனிக்கும் அது கைக்கு மீறிய கோரிக்கையாகத் தெரியாது. வரியையும் கம்பெனியே ஏற்றுக்கொண்டு, சொன்ன தொகையை முழுதாகக் கையில் கொடுக்கும் ஏற்பாடும் உண்டு. ஆனால் அது மேல்நிலைப் பதவிகளுக்கே அதிகம்.

அடுத்தது தேதி. இதைத்தான் யாரும் கேட்பதில்லை. பில்லைச் சேர்ந்த பிறகுதான் போட முடியும். ஊழியர் எண் வந்தால்தான் அதற்கான சாஃப்ட்வேருக்குள்ளேயே நுழைய முடியும். சம்பளப் பட்டியலை மாதத்தின் நடுவிலோ மூன்றாவது வாரத்திலோ மூடிவிடும் கம்பெனியில் அதற்குப் பிறகு சேர்ந்தால், அந்த மாதச் சில நாள் சம்பளமும் அடுத்த மாதச் சம்பளத்தோடுதான் வரும். 18-ஆம் தேதி சேர்ந்தவருக்கு முதல் பணம் நாற்பது நாள் கழித்து. ரீலொகேஷன் பணம் அதற்கும் அடுத்த மாதம் வந்தால் வியப்பில்லை. அதற்குள் மூன்று லட்சத்தை எங்கிருந்து புரட்டுவது என்பதே உண்மையான சிக்கல். கிரெடிட் கார்டில் தேய்த்தால் வட்டி, நகையை வைத்தால் அதற்கும் வட்டி. 26,136-இல் ஒரு பங்கு அங்கே போகும். சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு பங்கை முன்பணமாகத் தருவார்களா, வீட்டு அட்வான்ஸுக்காக வட்டியில்லாச் சம்பள முன்பணம் உண்டா என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. அந்த முன்பணம் பிறகு மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கப்படும். ஆனால் தேவை தேவைப்படும் நாளில் தீரும்.

தங்கும் இடத்தைப் பற்றிய கேள்விக்கு இன்னும் கொஞ்சம் நிதானம் வேண்டும். ரெக்ரூட்டர் 'ஏழு நாள் கெஸ்ட் ஹவுஸ் தருவோம்' என்பார். ஞாயிறு மாலை போய் இறங்கி, திங்கள் காலை வேலையில் சேர்கிறார் என்றால், ஏழு நாள் அடுத்த ஞாயிறு காலையோடு முடிகிறது. முதல் வாரம் முழுக்க லேப்டாப் வாங்குவதும், அடையாள அட்டைக்குப் படம் எடுப்பதும், அறிமுக வகுப்புகளுமாகப் போய்விடும். வீடு தேடக் கிடைப்பது ஒரே ஒரு சனிக்கிழமை. மாரத்தஹள்ளியிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி வரை போக்குவரத்தில் நீந்தி ஒரு நாளில் நான்கு வீடு பார்க்கலாம், முடிவெடுக்க முடியாது. பதினைந்து நாள் என்றால் இரண்டு முழு வார இறுதிகள் கிடைக்கும். முதல் வாரம் வட்டாரத்தைப் பார்த்து, இரண்டாவது வாரம் வீட்டை முடிக்கலாம். வாடகை வீடுகள் பெரும்பாலும் மாதம் முதல் தேதிக்குத்தான் காலியாகின்றன என்பதால், மாத நடுவில் சேர்ந்து பதினைந்து நாள் கெஸ்ட் ஹவுஸ் வாங்கிக்கொண்டால் சாவி கைக்கு வரும் நாளும், அறையைக் காலி செய்யும் நாளும் ஒட்டி வரும். மேலே சொன்ன கணக்கில் ஏழு நாளைப் பதினைந்தாக்குவதன் மதிப்பு 20,000 ரூபாய். கம்பெனி ஏற்கெனவே ஆண்டு ஒப்பந்தத்தில் எடுத்து வைத்திருக்கும் கெஸ்ட் ஹவுஸ் என்றால், காலியாகக் கிடக்கும் அறையில் எட்டு நாள் கூடுதலாகத் தங்க விடுவது அதற்குப் பெரிய செலவில்லை. பணத்தில் ஒரு பைசா கூட்ட மறுக்கும் ரெக்ரூட்டர் இதற்குச் சுலபமாகச் சம்மதிப்பதன் ரகசியம் இதுதான்.

நாள் கணக்கோடு, யார் தங்கலாம் என்பதையும் கேட்க வேண்டும். கெஸ்ட் ஹவுஸ் என்பது பல இடங்களில் மூன்று அறை கொண்ட ஃபிளாட். அறைக்கு ஓர் ஊழியர், சில இடங்களில் அறைக்கு இருவர். மனைவி, குழந்தையோடு போய் நின்றால் 'ஊழியருக்கு மட்டும்தான் சார்' என்று காப்பாளர் கையை விரிப்பார். குடும்பத்தோடு என்று முன்பே சொன்னால் சர்வீஸ் அபார்ட்மென்ட்டோ ஓட்டலோ ஏற்பாடு செய்ய வாய்ப்புண்டு. சாப்பாடு சேர்ந்ததா, ஆபீஸிலிருந்து எவ்வளவு தூரம் என்பதும் இதே மூச்சில் கேட்டுவிட வேண்டியவை. தனியாகப் போகும் இளைஞருக்குக் கணக்கு வேறு. அவர் பி.ஜி.யில் சேர்ந்தால் லாரியும் இல்லை, பெரிய அட்வான்ஸும் இல்லை. அவருக்குக் கெஸ்ட் ஹவுஸைவிட, பில் கேட்காத சிறு தொகையே உதவும்.

இவ்வளவையும் ஒரே போனில் அடுக்கினால் குறுக்கு விசாரணை போல ஆகிவிடும். போனில் இரண்டு கேள்வி போதும்; மீதி மெயிலுக்கு. பேச்சு இந்த அளவில் இருந்தால் சரியாக இருக்கும்:

"மேடம், ஆஃபர் எனக்குப் பிடிச்சிருக்குங்க. கோயம்புத்தூர்ல இருந்து ஃபேமிலியோட ஷிஃப்ட் ஆகணும். ரீலொகேஷன் பாலிசி என்னன்னு தெரிஞ்சா நான் பிளான் பண்ணிக்குவேன்."

"ஐம்பதாயிரம் வரைக்கும் இருக்கு சார். ஒரு வாரம் கெஸ்ட் ஹவுஸ் குடுப்போம்."

"சரிங்க மேடம். அது சி.டி.சி.க்குள்ள வருதா, தனியாங்களா? அப்புறம், பில் குடுத்தா மட்டும்தானா, இல்ல லம்ப்பாக் குடுப்பீங்களா?"

"தனிதான் சார். பில் வேணும்."

"பாலிசிய ஒரு மெயில்ல அனுப்பிடுங்க மேடம். பாத்துட்டு ஏதாவது டவுட் இருந்தா அதுலயே கேட்டுக்கறேன்."

சி.டி.சி.க்குள்ளா, தனியா என்ற கேள்வி சிறியதாகத் தெரிந்தாலும் அதில் கண்ணி உண்டு. 18.5 லட்சம் என்று சொன்ன தொகைக்குள்ளேயே ரீலொகேஷனையும் ஜாயினிங் போனஸையும் சேர்த்துக் காட்டும் ஆஃபர்கள் இருக்கின்றன. இரண்டாம் ஆண்டில் அவை உதிர்ந்து, சம்பளம் குறைந்தது போல ஆகிவிடும். மெயில் வந்ததும் அதற்குப் பதிலாக, இன்னின்ன செலவுகள் சேருமா, எத்தனை நாளுக்குள் பில் தர வேண்டும், எந்த மாதச் சம்பளத்தில் பணம் வரும், வரி எப்படி, இடையில் வேலையை விட்டால் என்ன என்று ஐந்தாறு வரியில் கேட்டுவிடலாம். கோரிக்கை வைப்பதானால் ஒன்றே ஒன்றை வைப்பது புத்திசாலித்தனம். ரீலொகேஷன் தொகை பெரும்பாலும் பதவி நிலைக்கு இவ்வளவு என்று அச்சாகிவிட்ட ஒன்று. அதைத் தாண்ட ரெக்ரூட்டர் மேலிடத்தில் தனி அனுமதி வாங்க வேண்டும். நான்கு கோரிக்கைக்கு நான்கு அனுமதி வாங்க யாரும் மெனக்கெட மாட்டார்கள். 'பதினைந்து நாள் தங்க இடம் வேண்டும், குடும்பத்தோடு வருகிறேன்' என்று காரணத்தோடு ஒன்றைக் கேட்டால் அது நகரும்.

வேலையை இடையில் விட்டால் என்ற கேள்வியைக் கேட்கத்தான் பலருக்கு நா எழுவதில்லை. சேருமுன்பே போவதைப் பற்றிப் பேசுவதா என்ற தயக்கம். ஆனால் கம்பெனிக்கு அந்தத் தயக்கம் இல்லை. ஓராண்டுக்குள் விலகினால் ரீலொகேஷன் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று ஆஃபர் லெட்டரிலேயே எழுதி வைத்திருக்கும், சில இடங்களில் இரண்டாண்டு. இங்கே பார்க்க வேண்டியவை மூன்று. முழுத் தொகையா, அல்லது வேலை செய்த மாதங்களைக் கழித்துக்கொண்டு மீதியா? வரி பிடித்தது போகக் கையில் வந்த தொகையா, வரிக்கு முந்தைய தொகையா? கையில் 39,600 வாங்கியவர் 50,000-ஐத் திருப்பிக் கட்ட நேர்வது இந்த இடத்தில்தான். மூன்றாவது, கம்பெனியே ஆட்குறைப்பு செய்து அனுப்பினாலும் இந்த நிபந்தனை பொருந்துமா? 'ஊழியர் தானாக விலகினால் மட்டும்' என்று ஒரு சொல் சேர்க்கச் சொன்னால், நியாயமான கம்பெனி மறுக்காது.

பில் விஷயத்தில் நடக்கும் தவறுகள் எல்லாம் சின்னச் சின்னவை. ஆனால் ஒவ்வொன்றும் பணத்தை நிறுத்திவிடும். பில் ஊழியர் பெயரில் இருக்க வேண்டும்; ஊரில் இருந்து சாமானை ஏற்றிவிட்ட அப்பாவின் பெயரில் போட்ட பில் திரும்பி வரும். ஜி.எஸ்.டி. எண் அச்சடித்த பில்லாக இருக்க வேண்டும். துண்டுச் சீட்டு செல்லாது. சேரும் தேதிக்கு முந்தைய தேதி போட்ட பில்லை ஏற்காத கம்பெனிகளும் உண்டு, சாமான் அதற்கு முந்தின வாரமே போய்ச் சேர்ந்திருக்கும்! லாரிக்காரரைப் பிடிக்குமுன்பே இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். குறைந்த விலை சொல்லிச் சாமானை ஏற்றிக்கொண்டு, பாதி வழியில் கூடுதல் கேட்டு மிரட்டும் மூவர்ஸ் தொல்லை ஊரறிந்தது. கம்பெனி ஒப்பந்தம் வைத்திருக்கும் மூவர்ஸ் யாராவது உண்டா என்று ரெக்ரூட்டரிடம் கேட்டால் இரண்டு கவலையும் ஒன்றாகத் தீரும். வரம்பு மீதியிருக்கிறதே என்று காசு கொடுத்துப் போலி பில் வாங்கிப் போடுவதும் நடக்கிறது. பிடிபட்டால் வேலையே போகும் காரியம் அது.

பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்குத் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது. நவம்பரில் சேர்கிறவர் படிப்பு முடியும் ஏப்ரல் வரை குடும்பத்தை ஊரிலேயே விட்டுவைப்பார். ஆனால் பில்லுக்கான கெடு, சேர்ந்த நாளிலிருந்து அறுபது நாளோ தொண்ணூறு நாளோதான். லாரி ஏப்ரலில் புறப்படும்போது உரிமை ஜனவரியிலோ பிப்ரவரியிலோ செத்திருக்கும். கெடுவைப் பள்ளி ஆண்டு முடியும் வரை நீட்டித் தரும்படி ஆஃபர் நிலையிலேயே கேட்டால் பெரும்பாலும் சிக்கல் இருக்காது, பணம் கூடவில்லை அல்லவா. பைக், கார் விஷயமும் இதைப் போல மறக்கப்படுவது. வண்டியை ஏற்றி அனுப்பும் செலவு விதியில் சேரலாம். ஆனால் வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். அதற்குக் கட்டும் கர்நாடகச் சாலை வரியை ரீலொகேஷனில் எதிர்பார்ப்பதற்கில்லை.

ரீலொகேஷனே கிடையாது என்று பதில் வந்தால் பேச்சு அங்கே முடிந்துவிட வேண்டியதில்லை. பல கம்பெனிகளில் ஜாயினிங் போனஸ் என்பது வேறு தலைப்பு; ஒன்றில் இடமில்லாத ரெக்ரூட்டருக்கு இன்னொன்றில் கை நீட்ட இடம் இருக்கும். அதுவும் இல்லையென்றால் பணம் சேராத உதவிகளைக் கேட்கலாம்: சேரும் தேதியை இரண்டு வாரம் தள்ளிவைப்பது, வீடு பார்க்க முதல் மாதத்தில் இரண்டு நாள் விடுப்பு, முதல் சில வாரங்கள் ஊரிலிருந்தே வேலை செய்ய அனுமதி. நம் டெஸ்டரின் கணக்கில் சேரும் தேதி இரண்டு வாரம் தள்ளிப்போய், அதற்குள் கோவை வீட்டுக்காரருக்கு முறைப்படி ஒரு மாதம் முன்பே சொல்ல முடிந்தால், 14,000 மிச்சம். எது ஒப்புக்கொள்ளப்பட்டாலும் அது ஆஃபர் லெட்டரிலோ, கம்பெனி முகவரியிலிருந்து வந்த மெயிலிலோ எழுத்தில் இருக்க வேண்டும். சேர்ந்த பிறகு பில்லைச் சரிபார்க்கிறவர் வேறு பிரிவில், சில சமயம் வேறு ஊரிலேயே இருப்பார். போனில் பேசிய ரெக்ரூட்டர் அதற்குள் வேறு கம்பெனிக்குப் போயிருக்கவும் கூடும்.